சாலையின் அகலத்தை மாற்றாதீர்கள்: வான்பார்வைப் படம் செய்யும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கட்டடக் கலை அலுவலகங்களிலும் பிரமோட்டர்களின் விளம்பரப் பிரிவுகளிலும் இருந்துகொண்டு, செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் துணையோடு குடியிருப்பு வளாகங்களுக்கு வான்பார்வைப் படங்கள் செய்து தரும் நண்பர்களே,

உங்கள் படங்களில் வளாகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. பால்கனி, படிக்கட்டு அறை, மாடித் தோட்டம் எல்லாம் வரைபடத்தில் உள்ளபடி வந்துவிடுகின்றன. தவறு மதில் சுவருக்கு வெளியே நடக்கிறது. 40 அடி சாலையில் நிற்கிற ஐந்து மாடிக் குடியிருப்பு, படத்தில் நடுவே செடித்தட்டு வைத்த ஆறு வழிச் சாலையின் ஓரத்தில் நிற்கிறது. எதிர்வரிசையில் இருக்கும் வீடுகள் காணாமல் போய் அங்கே புல்வெளி வந்திருக்கிறது. பக்கத்து மனைகளில் நெருக்கமாக நிற்கும் மாடி வீடுகள் இரண்டு மூன்று பெரிய பங்களாக்களாகச் சுருங்கியிருக்கின்றன. அந்தப் படத்தைப் பார்த்து முன்பணம் கட்டுகிறவருக்கு உங்கள் மென்பொருள் எதைக் கற்பனை செய்தது, வரைபடம் எதைச் சொல்கிறது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12ஆவது பிரிவு இதைப் பற்றியே பேசுகிறது. விளம்பரத்திலோ தகவல் கையேட்டிலோ உள்ள பொய்யான தகவலை நம்பி முன்பணம் கட்டி ஒருவர் நட்டப்பட்டால், பிரமோட்டர் அவருக்கு இழப்பீடு தர வேண்டும். அவர் திட்டத்திலிருந்து விலக விரும்பினால், கட்டிய பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். ஓரத்தில் சிறிய எழுத்தில் ‘கலைஞரின் கற்பனை’ என்று போட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று இருந்துவிடக் கூடாது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சாலையின் அகலத்தையும் பக்கத்துக் கட்டடங்களின் அளவையும் ப்ராம்ப்டில் எண்ணாக எழுதி வாங்க முடியாது. அளவைக் கோட்டுப் படமாகக் கொடுக்க வேண்டும். சாலை எப்படிப்பட்டது என்பதை மட்டும் சொற்களில் சொல்ல வேண்டும். வந்த படத்தை அளந்து பார்த்த பிறகே வெளியே விட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பேசலாம். மேடவாக்கம் பக்கத்து லேஅவுட்களில் காணக்கூடிய மாதிரி ஒரு மனை என்று வைத்துக்கொள்ளுங்கள். முகப்பு 60 மீட்டர், ஆழம் 80 மீட்டர். முன்னால் 12 மீட்டர் சாலை, அதாவது நாம் சொல்லும் 40 அடி ரோடு. ஒரு பக்கத்தில் 7.2 மீட்டர், 24 அடி தெரு. உள்ளே இரண்டு பிளாக்குகள், ஒவ்வொன்றும் 16 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளம். ஸ்டில்ட்டும் அதன்மேல் ஐந்து மாடிகளுமாக மொட்டைமாடி வரை சுமார் 18 மீட்டர் உயரம். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளில் 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயரமான கட்டடம் என்ற வகைக்குப் போய்விடும் என்பதால் நம் ஊரில் இந்த உயரத்தில் ஏராளமான கட்டடங்கள் நிற்கின்றன. சுற்றிலும் ஒரு கிரவுண்டு மனைகள், 40க்கு 60 அடி. அவற்றில் தரைத்தளமும் ஒரு மாடியுமாக 7 மீட்டர் உயர வீடுகள், இடையிடையே இரண்டு மாடி வீடுகள்.

இந்த விவரங்களை அப்படியே ப்ராம்ப்டில் எழுதி, ‘12 மீட்டர் அகலச் சாலை’ என்றும் சேர்த்தால் என்ன ஆகிறது? சாலை 25, 30 மீட்டர் அகலத்தில் வருகிறது. எண்ணை 9 என்று மாற்றினாலும் படத்தில் பெரிய வேறுபாடு இருக்காது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதல் காரணம், இந்த மாடல்கள் படத்தையும் அதன் விளக்கத்தையும் சேர்த்துப் பார்த்துக் கற்றவை. ஒரு படத்தின் விளக்கத்தில் யாரும் சாலையின் அகலத்தை மீட்டரில் எழுதி வைப்பதில்லை. எனவே ‘12 மீட்டர்’ என்ற சொல்லுக்கும் திரையில் இருக்கும் அகலத்துக்கும் இடையே மாடலிடம் உறுதியான தொடர்பு உருவாகவில்லை. ஆனால் ‘லக்சுரி’, ‘கேட்டட் கம்யூனிட்டி’, ‘மாஸ்டர் பிளான்’ போன்ற சொற்களுக்கு வலுவான தொடர்பு இருக்கிறது. அந்தச் சொற்களோடு வந்த படங்கள் பெரும்பாலும் அகன்ற சாலைகளும் வெட்டவெளிகளும் உள்ள விளம்பர ரெண்டர்கள். அளவை முடிவு செய்வது நீங்கள் எழுதிய எண் அல்ல, பக்கத்தில் போட்ட அடைமொழி.

இரண்டாவது காரணத்தை அதிகம் பேர் கவனிப்பதில்லை. நம் மனையும் சுற்றியுள்ள இரண்டு வரிசை வீடுகளும் ஒரே படத்தில் தெரிய வேண்டுமானால், படத்தின் நடுப்பகுதி குறுக்குவாட்டில் சுமார் 200 மீட்டரை அடக்க வேண்டும். படம் 1024 பிக்சல் அகலம் என்றால் ஒரு மீட்டருக்கு 5 பிக்சல்தான் கிடைக்கும். நம்மை விட்டு விலகிப் போகும் பக்கத்துத் தெரு 37 பிக்சல். அதில் நிற்கும் சிறிய கார் சுமார் 1.75 மீட்டர் அகலம், ஆகவே 9 பிக்சல். ஸ்டேபிள் டிஃப்யூஷனும் அதன் எஸ்.டி.எக்ஸ்.எல். பதிப்பும் படத்தை நேரடியாகப் பிக்சலில் வரைவதில்லை. 8க்கு 8 பிக்சல் கொண்ட கட்டங்களாகச் சுருக்கிய வடிவத்தில் வரைந்து, கடைசியில்தான் விரிக்கின்றன. அப்படியானால் ஒரு காரின் முழு அகலத்துக்கும் கிடைப்பது ஏறக்குறைய ஒரே ஒரு கட்டம். அவ்வளவு சிறிய காரை அதனால் தெளிவாக வரைய இயலாது. ப்ராம்ப்டில் கார் என்று இருந்தால், கார் என்று தெரிகிற அளவுக்கு அதைப் பெரிதாக்குகிறது. கார் பெரிதானால் சாலையும் பெரிதாகிறது, சாலை பெரிதானால் எதிர்வரிசை வீடுகளுக்கு இடம் இல்லாமல் போகிறது. நீங்கள் பார்க்கும் பெரும்பாலான அளவுப் பிழைகள் இந்தச் சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணியில் தொடங்குகின்றன.

ஆகவே வேலையை ப்ராம்ப்டிலிருந்து தொடங்காதீர்கள், அளவிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் சாலைக்கு இரண்டு அகலங்கள் உண்டு என்பதை மனத்தில் வையுங்கள். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் இருக்கும் 12 மீட்டர் என்பது இந்தப் பக்கத்துக் காம்பவுண்டு சுவரிலிருந்து அந்தப் பக்கத்துச் சுவர் வரை உள்ள தூரம். தார் போட்ட பகுதி அதில் 7 மீட்டர்தான் இருக்கலாம். மீதி மண் ஓரம், மழைநீர் வடிகால், மின்கம்பம், டிரான்ஸ்பார்மர், வாசல் சாய்தளம், நிறுத்திவைத்த ஸ்கூட்டர்கள். 12 மீட்டர் முழுவதையும் தாராகப் போட்டால், சுவருக்குச் சுவர் அளவு சரியாக இருந்தாலும் பார்க்கிறவர் கண்ணுக்கு அது நெடுஞ்சாலையாகவே படும். நேரில் போய் டேப் பிடித்து இரண்டையும் அளந்து வாருங்கள். அப்படியே பக்கத்துக் கட்டடங்களின் மாடிகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். தரைத்தளத்தையும் சேர்த்துத் தளத்துக்கு 3 மீட்டர், கைப்பிடிச் சுவருக்கு 1 மீட்டர் என்று கணக்கு வைத்தால் போதும்.

பிறகு பிளெண்டரிலோ ஸ்கெட்ச்அப்பிலோ வெறும் பெட்டிகளாக ஒரு மாடல் செய்யுங்கள். நம் பிளாக்குகளுக்கு இரண்டு பெட்டி. சுற்றியுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெட்டி, அதன் உண்மையான உயரத்தில். சாலையை இரண்டு பட்டைகளாகப் போடுங்கள், தார் ஒன்று, மண் ஓரம் ஒன்று. காம்பவுண்டு சுவர்களை மறக்க வேண்டாம். சுற்றுப்புறம் உங்கள் கட்டணத்தில் சேராத வேலை என்று தோன்றலாம். ஆனால் அந்தப் பெட்டிகளை நீங்கள் வைக்காவிட்டால் அந்த இடத்தை மாடல் தன் இஷ்டப்படி நிரப்பிவிடும்.

கேமராவுக்கு ஒரு யோசனை. பிளெண்டரில் இயல்பாக வரும் 50 மில்லிமீட்டர் லென்ஸையே வைத்துக்கொண்டு, முகப்புச் சாலைக்கு நேர் எதிரே, மனையின் நடுவிலிருந்து சுமார் 280 மீட்டர் தூரத்தில், 45 டிகிரி கீழ்நோக்கி வையுங்கள். கேமராவின் உயரம் சுமார் 200 மீட்டர் வரும், நடுப்பகுதியில் நாம் சொன்ன 200 மீட்டர் அகலமும் அடங்கும். அகன்ற கோண லென்ஸைப் போட்டுக் கிட்டே போகாதீர்கள். முன்னால் இருக்கும் சாலை ஊதி, பின்னால் இருக்கும் வீடுகள் சுருங்கிவிடும். 45 டிகிரியை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது, அளந்து பார்க்கும் இடத்தில் சொல்கிறேன்.

அடுத்து, இந்தப் பெட்டி மாடலை எப்படிக் கொடுப்பது என்பது. 2023இல் ல்வ்மின் ஜாங்கும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட கண்ட்ரோல்நெட் முறை வந்த பிறகு, படத்தின் வடிவத்தைச் சொல்லாமல் காட்டிக் கட்டுப்படுத்த முடிகிறது. இங்கே பலரும் செய்யும் ஒரு பிழை உண்டு. ஆழப் படத்தை, அதாவது `depth` வகையை மட்டும் கொடுத்துவிட்டு, கட்டடங்கள் சரியாக வருகின்றன, சாலை மட்டும் ஏன் மாறுகிறது என்று கேட்கிறார்கள். ஆழப் படத்தில் சாலையே இல்லை என்பதுதான் பதில். தாரும் மண் ஓரமும் மனைத் தரையும் ஒரே மட்டத்தில் இருப்பவை. கேமராவிலிருந்து அவற்றின் தூரம் படிப்படியாக மாறுமே தவிர எங்கும் ஒரு விளிம்பு விழாது. கட்டடத்துக்கு உயரம் இருப்பதால் அது தெரிகிறது, சாலைக்கு உயரம் இல்லாததால் அது மறைந்துவிடுகிறது. காம்பவுண்டு சுவரின் ஒன்றரை மீட்டர் உயரம் 280 மீட்டர் தூரத்தில் கணக்கிலேயே வராது.

எனவே சாலைக்குக் கோட்டுப் படம் தேவை. `canny` வகை கண்ட்ரோல்நெட் விளிம்புகளைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அது நிழலின் விளிம்பையும் சுவர் என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் பெட்டி மாடலை ஒளியும் நிழலும் இல்லாமல், தட்டையான நிறங்களில் ரெண்டர் செய்யுங்கள். தாருக்கு அடர் நிறம், மண் ஓரத்துக்கு வெளிர் நிறம், மனைத் தரைக்கு வேறொன்று. நிறங்கள் நெருக்கமாக இருந்தால் அந்த விளிம்பு விடுபட்டுப் போகும். கோட்டுப் படம் வந்ததும் பெரிதாக்கிப் பாருங்கள். சாலையின் இரண்டு ஓரங்களும் அறுபடாமல் ஓடுகின்றனவா என்பதை அங்கேயே தெரிந்துகொள்ளலாம். பிறகு கோட்டுக்கு அதிக வலுவும் ஆழத்துக்குச் சற்றுக் குறைந்த வலுவும் கொடுத்து இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். டிஃப்யூசர்ஸ் நூலகத்தில் `canny` முதலாகவும் `depth` இரண்டாவதாகவும் கொடுத்திருந்தால், தொடக்கத்துக்கு இப்படி வைக்கலாம்:

```
controlnet_conditioning_scale=[0.9, 0.6]
```

படத்தை உள்ளீடாகக் கொடுத்துத் திருத்தச் சொல்லும் கருவிகளைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே வழிதான். பெட்டி ரெண்டரை உள்ளீடாகக் கொடுத்து, விளிம்புகளை நகர்த்தாமல் பரப்புகளுக்கு மட்டும் பொருளும் வெளிச்சமும் தரச் சொல்லுங்கள். அந்தக் கருவிகள் கண்ட்ரோல்நெட் அளவுக்குக் கறாராக நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அளந்து பார்ப்பது அங்கே இன்னும் அவசியம்.

இப்போதுதான் ப்ராம்ப்டுக்கு வருகிறோம். அளவைக் கோடு பார்த்துக்கொள்வதால் ப்ராம்ப்டின் வேலை குறைகிறது. அந்தக் கோடுகளுக்கு நடுவே இருப்பது என்ன என்பதை மட்டும் அது சொன்னால் போதும். நம் எடுத்துக்காட்டுக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்:

```
aerial oblique photo, dense Chennai suburb,
two six-storey apartment blocks with stilt parking,
narrow two-lane local street, mud shoulders,
compound walls, electric poles,
rows of small two-storey houses on narrow plots,
flat terraces with black water tanks
```

இதில் மீட்டர் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதற்குப் பதிலாக, அளவைத் தம்மோடு சுமந்துவரும் பொருள்கள் இருக்கின்றன. மண் ஓரம், மின்கம்பம், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஆகியவை சிறிய தெருக்களின் படங்களில் வருபவை. அவற்றைக் கேட்டால் சிறிய தெருவும் கூடவே வரும். ஸ்டில்ட்டையும் சேர்த்து ஆறு தளம் என்று எழுதியிருக்கிறேன், ஏனெனில் வெளியிலிருந்து பார்க்கும்போது ஆறு அடுக்குகள் தெரியும். கார் என்ற சொல் இல்லாததும் தெரிந்தே செய்ததுதான். ‘நெடுஞ்சாலை வேண்டாம்’ என்று முதன்மை ப்ராம்ப்டில் எழுதாதீர்கள். மறுப்பை விட்டுவிட்டு நெடுஞ்சாலையை மட்டும் மாடல் எடுத்துக்கொள்ளக்கூடும். `highway, boulevard, median, lawn` போன்றவற்றை எதிர்மறை ப்ராம்ப்டுக்கான பெட்டியில் தனியாகப் போடுங்கள். இன்னொன்று, ஸ்டேபிள் டிஃப்யூஷனின் மூல வடிவம் 77 டோக்கனுக்கு மேல் வாசிக்காது. நீண்ட பத்தியாக எழுதிக் கடைசியில் பக்கத்து வீடுகளைச் சேர்த்தால் அந்த வரி போய்ச் சேராமலே போகலாம். ப்ராம்ப்ட் நீளமானால் சுற்றுப்புறத்தை முன்னால் சொல்லிவிடுங்கள்.

கார்களை எங்கே சேர்ப்பது? படத்தை முதலில் கார் இல்லாமல் வாங்குங்கள். பிறகு 4096 பிக்சலுக்குப் பெரிதாக்குங்கள். பெரிதாக்கும்போது `denoise` அளவை 0.3க்கு மேல் ஏற்றினால் மாடல் மறுபடியும் கற்பனை செய்யத் தொடங்கிவிடும். அந்த அளவில் கார் சுமார் 36 பிக்சல் அகலம் வரும். இப்போது பெட்டி மாடலிலேயே சரியான அளவில் கார்களை நிறுத்தி, அதே கேமராவில் தனியாக ரெண்டர் செய்து மேலே ஒட்டுங்கள். மரங்களையும் ஒரு கண் பாருங்கள். 12 மீட்டர் சாலையை ஒரே மரத்தின் நிழல் முழுவதுமாக மூடினால் சாலையின் ஓரம் எங்கே என்றே தெரியாது. ஓரத்தில் நிற்பது புங்கமரமா தூங்குமூஞ்சி மரமா என்று நேரில் பார்த்து வந்து அதற்கேற்பப் போடுங்கள்.

கடைசியாக, அளந்து பார்ப்பது. மூன்று சோதனைகள் போதும்.

முதலாவது, வீடுகளை எண்ணுங்கள். ஒரு கிரவுண்டு மனையின் முகப்பு 40 அடி, அதாவது 12.2 மீட்டர். நம் வளாகத்தின் 60 மீட்டர் முகப்புக்கு எதிரே ஐந்து வீடுகள் இருக்க வேண்டும். 80 மீட்டர் பக்கவாட்டில், மனைகள் தெருவைப் பார்த்து இருந்தால், ஆறு அல்லது ஏழு. முகப்புக்கு எதிரே மூன்று வீடுதான் இருக்கிறது என்றால் அந்த வீடுகள் ஒன்றரை மடங்குக்கும் மேல் பெருத்திருக்கின்றன. இதற்கு அளவுகோல்கூட வேண்டாம், கண் போதும்.

இரண்டாவது சோதனைக்காகத்தான் 45 டிகிரி. அந்தக் கோணத்தில் பார்க்கும்போது செங்குத்தான சுவரும், நமக்குக் குறுக்கே ஓடும் சாலையின் அகலமும் ஒரே விகிதத்தில் குறுகுகின்றன. இரண்டும் ஏறக்குறைய 0.7 மடங்காகும். அதனால் படத்தின் நடுவில் இரண்டுக்கும் உள்ள விகிதம் நேரில் எப்படியோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். நம் கட்டடம் 18 மீட்டர், முகப்புச் சாலை சுவருக்குச் சுவர் 12 மீட்டர், விகிதம் ஒன்றரை. 1024 பிக்சல் படத்தின் நடுவில் என்றால் கட்டடத்தின் முன்சுவர் சுமார் 65 பிக்சலும் சாலை சுமார் 43 பிக்சலும் வரும். ஆனால் சாலை கேமராவுக்குக் கிட்டே இருப்பதால் கால் பங்குக்குச் சற்று மேல் கூடி, சுமார் 55 பிக்சல் வரும், அது இயல்பு. சாலையும் சுவரும் சமமாக வந்தால், 12 மீட்டர் சாலையைச் சுமார் 15 மீட்டராகக் காட்டியிருக்கிறீர்கள் என்று பொருள். 40 அடி ரோடு படத்தில் ஏறக்குறைய 50 அடி ரோடு ஆகிவிட்டது.

மூன்றாவது, பெட்டி மாடலின் கோட்டுப் படத்தை முடிந்த படத்தின் மேல் பாதி ஒளிபுகும்படி வையுங்கள். சாலை ஓரம், காம்பவுண்டு சுவர், மொட்டைமாடி விளிம்பு மூன்றும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். படத்தின் நடுவில் பொருந்தி ஓரங்களில் விலகியிருப்பது அடிக்கடி நடக்கும். பக்கத்துக் கட்டடங்கள் இருப்பது அந்த ஓரங்களில்தான், ஆகவே அங்கே விலகினால் படத்தை மறுபடியும் ஓட்டுங்கள்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. இரண்டு கட்டடங்களுக்கு இடையே உள்ள ஒரு மீட்டர் சந்து, இந்த அளவுப் படத்தில் வெறும் ஐந்து பிக்சல். அதை மாடல் மூடிவிடும் அல்லது அகலப்படுத்தும், எந்த ப்ராம்ப்டாலும் தடுக்க முடியாது. அந்தச் சந்து வாங்குகிறவருக்கு முக்கியம் என்றால் அந்தப் பகுதிக்கு நெருங்கிய படம் ஒன்றைத் தனியாகச் செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே படத்தில் காட்ட வேண்டும் என்று மேலாளர் கேட்டால் இந்தக் கணக்கை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

‘சாலை இன்னும் கொஞ்சம் அகலமாக இருந்தால் படம் நன்றாக இருக்கும்’ என்ற குறிப்பு உங்களுக்குக் கண்டிப்பாக வரும். அப்போது பெட்டி மாடலையும் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும் அருகருகே வைத்து, எந்த வரைபடத்தின்படி அகலமாக்குவது என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். இனி நீங்கள் செய்யும் ஒவ்வொரு வான்பார்வைப் படத்தின் கீழும் மூன்று விவரங்களை, வாசிக்கக்கூடிய எழுத்தில் போடுங்கள்: முகப்புச் சாலையின் அகலம் சுவருக்குச் சுவர் எவ்வளவு, அதில் தார் எவ்வளவு, பக்கத்துக் கட்டடங்கள் எத்தனை மாடி. அந்த எண்களைத் தயக்கமில்லாமல் படத்துக்குக் கீழே போட முடிகிறதென்றால் படத்தை வெளியிடுங்கள். போட முடியவில்லை என்றால் அந்தப் படம் இன்னும் முடியவில்லை.

அன்புடன்,
உங்கள் துறையில் மூத்த ஒரு கட்டடக் கலைஞர்